முப்பத்தொரு ராடு: ஒரு நினைவு கதையான விதம்

1994 பங்குனியில் எங்கள் தோட்டத்தில் போர் போட்டார்கள். எனக்குப் பத்து வயது. கிணறு வற்றி, தென்னைகளின் மட்டை தொங்க ஆரம்பித்திருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குத் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ரிக் வண்டி வந்தது, பின்னாலேயே கம்ப்ரசர் வண்டியும் வந்தது. 400 அடி என்று பேச்சு. விடியும்போது 620 அடி ஆகியிருந்தது, தண்ணீர் இல்லை. காலையில் அம்மாவின் நான்கு வளையல்களில் இரண்டு அடகுக் கடைக்குப் போயின, திரும்பி வரவே இல்லை. 'இன்னும் நூறு அடி போடலாம்' என்று அப்பாவை நெருக்கியவர் மாமன், அம்மாவின் தம்பி.

என் நினைவில் இருந்தது இவ்வளவுதான். இதைக் கதையாக்க எனக்கு மூன்று படிகளும் கிட்டத்தட்ட ஒன்றரை வருடமும் ஆயின. எங்கே சறுக்கியது, எதை மாற்றியதும் கதை எழுந்து நின்றது என்பதை அப்போது குறித்து வைத்த நோட்டிலிருந்து எழுதுகிறேன்.

முதல் படி கையெழுத்தில் பதினான்கு பக்கம். நடந்ததை நடந்தபடி எழுதினேன். அப்பா, அம்மா, அக்கா, ஆத்தா, நான், மாமன், பக்கத்துத் தோட்டத்துக்காரர், அவர் மகன், உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தவர், ரிக் ஓட்டுநர், அவருடைய ஆட்கள். பெயர் சொல்லியும் சொல்லாமலும் பதினோரு பேருக்கு மேல். படித்த நண்பர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இதுல யாருக்கு என்ன ஆச்சு?" எனக்குக் கோபம் வந்தது. "இதெல்லாம் நிஜமா நடந்தது" என்றேன். அந்தப் பதில் என் வாயிலிருந்து வந்ததுமே எனக்குக் கொஞ்சம் உறைத்தது. கதையைக் காப்பாற்றக் கதைக்கு வெளியே உள்ள ஒரு சாட்சியை நான் கூப்பிடுகிறேன் என்றால், உள்ளே ஏதோ குறைகிறது.

குறைந்தது என்ன என்று தேடியபோது தெரிந்தது: எல்லோரும் இருந்தார்கள், ஆனால் யாரும் இன்னொருவர் மேல் எதையும் செய்யவில்லை. ஆத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தாள், ஏனென்றால் அன்று அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துத் தோட்டத்துப் பையன் கம்ப்ரசர் வண்டி மேல் ஏறி அடி வாங்கினான், ஏனென்றால் வாங்கினான். நினைவில் ஒரு காரியம் இருப்பதற்கு அது நடந்ததே போதும். கதையில் அது போதாது.

அப்புறம் இன்னொன்றும் நடந்தது. சில விவரங்களைச் சரிபார்க்க அம்மாவுக்கு போன் செய்தேன். மாமன் நெருக்கியதைப் பற்றிப் பேச்சு வந்ததும் அம்மா, "அவனா? அவன் நிறுத்தத்தான் சொன்னான். உங்கப்பாதான் கேக்கலை" என்றாள். அக்காவிடம் கேட்டேன். அவள், மாமனும் இல்லை அப்பாவும் இல்லை, பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான் தூண்டிவிட்டார் என்றாள், அவர் போரில் தண்ணீர் வந்திருந்த தைரியத்தில். அப்பா இப்போது இல்லை, கேட்க முடியாது. முப்பது வருடமாக நான் மாமன் மேல் வைத்திருந்த குற்றச்சாட்டு, ஒரே நாள் மத்தியானத்தில் மூன்று துண்டாகிவிட்டது.

கட்டுரை எழுதுபவனாக இருந்தால் இங்கே நின்று, யார் சொல்வது உண்மை என்று தீர்த்திருக்க வேண்டும், அல்லது தீர்க்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். கதைக்கு வேறு கேள்வி. மூன்று சாட்சியமும் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் சுற்றுகின்றன: 'இன்னும் கொஞ்சம் போடலாம்.' அந்த வாக்கியம் அந்த ராத்திரியில் யார் வாயிலிருந்தோ வந்தது. அதைக் கதையில் யார் வாயில் வைக்கப் போகிறேன்? என் நோட்டில் அந்த மாதம் முழுக்க இந்தக் கேள்விதான் இருக்கிறது.

ஆனால் உடனே அதைச் செய்யவில்லை. மாமன் உயிரோடு இருக்கிறார், என் மேல் பிரியமாக இருக்கிறார். அவரைக் குறை சொல்லும் கதை அவர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்ற பயத்தில், இரண்டாவது படியில் எல்லாவற்றையும் மாற்றினேன். தோட்டத்தை மதுரைப் புறநகரில் ஒரு புது வீடாக்கினேன். அப்பாவைப் பள்ளி ஆசிரியராக்கினேன். மாமனைச் சித்தப்பாவாக்கினேன். பங்குனி ஐப்பசியானது. மூன்று வாரத்தில் எழுதி முடித்தேன். ஒரு வரி கூட உயிரோடு இல்லை.

ஏன் என்று ஒவ்வொரு மாற்றமாகத் திருப்பி வைத்துப் பார்த்தேன். இதில்தான் நான் அதிகம் கற்றேன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் வீடு. மாதச் சம்பளக்காரர் வீட்டில் போர் பொய்த்தால் தண்ணீர் லாரிக்குச் சொல்வார்கள், சலித்துக்கொள்வார்கள். தோட்டத்தில் பொய்த்தால் தென்னை போகும், அடுத்த போகம் போகும், வாங்கின கடன் மட்டும் நிற்கும். இடத்தை மாற்றியபோது நான் முகவரியை மாற்றுவதாக நினைத்தேன். உண்மையில் பந்தயத் தொகையைக் குறைத்துவிட்டேன்.

அடுத்தது ஐப்பசி. வடகிழக்குப் பருவமழை வருகிற மாதத்தில் போர் போடுகிறவனுக்கு அடுத்த வாரம் மழை பெய்யலாம் என்ற நம்பிக்கை உண்டு. பங்குனியில் அது கிடையாது, இனிமேல்தான் வெயிலே. இந்த மாற்றம் பெரிய காரணமே இல்லாமல் செய்தது. ஐப்பசி என்ற சொல்லின் ஓசை பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாவது சித்தப்பா. இதில்தான் சரியாக அடி வாங்கினேன். அதே நண்பர் படித்துவிட்டு, "அந்தச் சித்தப்பாவுக்கு இந்த இடத்துல பங்கு உண்டா?" என்று கேட்டார். கதையில் பங்கைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. ஆனால் நம்மில் யார் படித்தாலும் அப்பாவின் தம்பி என்றால் பங்காளி. பங்காளி ஒருவன் அண்ணனை மேலும் மேலும் கடனுக்குள் தள்ளுகிறான் என்றால், வாசகர் உடனே உள்நோக்கம் தேடுவார். நான் எழுதாத ஒரு சொத்துத் தகராறு அவர் மனதில் தானாக ஓட ஆரம்பித்துவிடும். மாமன் அப்படியில்லை. அவன் சீர் கொண்டு வருகிறவன். அக்காள் வீடு வாழ வேண்டும் என்பதற்காக வாயைக் கொடுப்பான், அந்த வாய் அக்காளின் வளையலையே கழற்றும். அன்பினால் வரும் கேடு. கதைக்கு வேண்டியது அதுதான். அந்த உறவுமுறையில் கை வைத்தால் கதையே வேறாகிவிடும்.

இதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஒரு விவரத்தை மாற்றுவதற்கு முன்னால் அதற்கு எதிரே எழுதிப் பார்ப்பேன்: இதை மாற்றினால் வேறு எது எது தானாக மாறும்? மாமனின் மோட்டார் சைக்கிளைப் பழைய சைக்கிளாக்கினால் எதுவும் மாறாது. ஆகவே தாராளமாக மாற்றலாம். அவர் நூற்பாலையில் வேலை பார்த்ததை விசைத்தறிப் பட்டறையாக மாற்றினால் ஷிப்டு நேரம் மட்டும் மாறும், சமாளிக்கலாம். அவர் கையில் ஒரு விரல் நுனி இல்லாததை எடுத்துவிட்டால் ஊரில் யாரும் அவரை அடையாளம் காண மாட்டார்கள், கதைக்கும் நஷ்டமில்லை. உறவை மாற்றினால் மட்டும் பத்து விஷயம் மாறுகிறது. அப்படியானால் அதைத் தொடக்கூடாது, தொட்டால் புதிதாக இன்னொரு கதை எழுதத் தயாராக இருக்க வேண்டும். ஆளை மறைக்கிற மாற்றமும் கதையை நகர்த்துகிற மாற்றமும் வேறு வேறு என்பது எனக்கு அதற்கு முன் தெரியாது. இரண்டாவது படியில் அடையாளம் காட்டும் மோட்டார் சைக்கிளை அப்படியே விட்டுவிட்டு, கதையைத் தாங்குகிற உறவை மாற்றியிருந்தேன்.

மூன்றாவது படியை மறுபடி தோட்டத்திலேயே ஆரம்பித்தேன். ஆட்களைக் குறைக்க வேண்டியிருந்தது. அப்பா மேல் ஒரே மாதிரியான அழுத்தம் கொடுக்கிறவர்கள் யார் யார் என்று பிரித்துப் பார்த்தேன். என் நினைவின்படி மாமனும், அக்காவின் நினைவின்படி பக்கத்துத் தோட்டத்துக்காரரும் ஒரே திசையில் தள்ளுகிறார்கள். ஆகவே இரண்டு பேரையும் ஒருவராக்கலாம். நீரோட்டம் பார்த்தவரையும் அதே ஆளுக்குள் சேர்த்துவிட முயன்றேன், தேங்காயை மாமன் கையிலேயே கொடுத்து. சேரவில்லை. மாமனே இடம் குறித்தவன் என்றால் அவனுக்குத் தன் வாக்கைக் காப்பாற்றும் கட்டாயம் வந்துவிடுகிறது. அக்காளுக்காகத் தள்ளுகிறானா, தன் பெயருக்காகத் தள்ளுகிறானா என்று வாசகர் குழம்புவார். இரண்டு ஆட்கள் ஒரே காரியம் செய்தால் போதாது, காரணமும் ஒன்றாக இருந்தால்தான் ஒட்டும். நீரோட்டக்காரரைக் கதை தொடங்கும் முன்பே ஊருக்கு அனுப்பிவிட்டேன். அவர் குறித்த இடத்தில் உடைந்த தேங்காய் ஓடு மட்டும் கிடக்கிறது.

மாமனையும் பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் சேர்த்ததும் சுலபமாக முடிந்துவிடவில்லை. ஒட்டுப் போட்ட இடம் பேச்சில் தெரிந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் அப்பாவைவிட மூத்தவர். "எம்பட தோட்டத்துல நானூத்தி எண்பதுலதான் வந்துச்சு, யோசனை பண்ணுங்க" என்பார், தள்ளி நின்று, துண்டைத் தோளில் போட்டபடி. மாமனோ அப்பாவை 'மச்சான்' என்று கூப்பிடுகிறவர், அப்பாவும் அவரை 'மாப்ளே' என்பார். அந்த வரியை அப்படியே எடுத்து மாமன் வாயில் வைத்தபோது, திடீரென்று ஒரு அந்நியன் உள்ளே வந்தது போல இருந்தது. அயலாருக்குச் சொந்த அனுபவத்தைச் சொல்ல உரிமை உண்டு, வற்புறுத்த உரிமை இல்லை. மாமனுக்கு வற்புறுத்தவும் உரிமை உண்டு, கோபித்துக்கொள்ளவும் உரிமை உண்டு. கடைசியில் அந்த வரி இப்படி ஆனது: "பக்கத்துக் காட்டுல நானூத்தி எண்பதுல வந்துச்சில்ல மச்சான்? நம்ம பாறை மட்டும் என்ன, வேற சாமி பண்ணுச்சா?" செய்தி அதேதான். ஆனால் இதைச் சொல்ல மச்சான் உறவு வேண்டும்.

தமிழில் இரண்டு பேரை ஒருவராக்கினால் விளிச்சொற்களை மட்டும் தனியாக ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். 'வாங்க', 'வா', 'மச்சான்', 'அண்ணா' இவற்றில் ஏதாவது ஒன்று வழிதவறி நின்றால், அங்கே இரண்டாவது ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம்.

ஆளை எடுத்துவிட்டால் அவர் செய்த வேலை அப்படியே நிற்கும், அது வேறு தலைவலி. அக்காவைக் கதையிலிருந்து எடுத்தேன். அவள்தான் அன்று ராத்திரி முழுக்க வரக்காப்பி போட்டாள், ராந்தல் பிடித்தாள், விடிகாலையில் என் முகத்தைத் துடைத்தாள். காப்பியை அம்மாவிடம் கொடுத்தேன். ராந்தலைக் கதையில் நானாக வரும் பையனிடம் கொடுத்தேன், அது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு ஒரு வேலை கிடைத்து, எல்லோர் பக்கத்திலும் நிற்க ஒரு காரணமும் கிடைத்தது. (அக்கா கதையைப் படித்துவிட்டு, "நான் எங்கடா?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை.)

இவ்வளவு செய்தும் கதைக்கு உருவம் வரவில்லை. சாயங்காலம், ராத்திரி, விடியல் என்று ஒரே நேர்கோட்டில் போனது. நடுவில் எங்கே நிறுத்துவது, எங்கே தாண்டுவது என்று தெரியவில்லை.

உருவம் கிடைத்தது இயந்திரத்திலிருந்து. போர் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். துளைக்க இறக்குகிற இரும்புக் குழாயைத்தான் ராடு என்பார்கள், ஒவ்வொன்றும் இருபது அடி. ஒரு ராடு முழுக்க இறங்கியதும் காற்றை அடைத்து, நிறுத்தி, அடுத்த ராடை மாட்டுவார்கள். ஓடும்போது கம்ப்ரசர் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் காதில் கத்தினாலும் கேட்காது. ராடு மாற்றுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் மனிதர்கள் பேச முடியும். முதல் இரண்டு படிகளிலும் அப்பாவும் மாமனும் ராத்திரி முழுக்க வாக்குவாதம் செய்துகொண்டே இருந்தார்கள். நிஜத்தில் அது சாத்தியமே இல்லை. ஒரு வாக்கியம் சொல்வார்கள், இயந்திரம் ஆரம்பித்துவிடும், பதிலை மனதில் வைத்துக்கொண்டு இருபது அடி காத்திருக்க வேண்டும்.

இது புரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 620 அடி என்றால் முப்பத்தொரு ராடு. கதையில் பேச்சு வருவது ராடு மாற்றும்போது மட்டும். மற்ற நேரமெல்லாம் புழுதியும் முகங்களும் மட்டும். கேள்வி ஒரு ராடில், பதில் அடுத்த ராடில். அந்த இடைவெளியில் கோபம் ஆறலாம், அல்லது கூடலாம். நான் உத்தி எதையும் கொண்டு வந்து ஒட்டவில்லை, அது அங்கேயே இருந்தது. பத்து வயதில் நேரில் பார்த்திருந்தும் எழுதும்போது மறந்திருந்தேன்.

முப்பத்தொரு நிறுத்தத்தையும் எழுத முடியாது. ஆறை எடுத்தேன். மூன்றாவது ராடு: மேல் மண் தாண்டி, கேசிங் பைப் இறக்கி, பாறையைத் தொட்டாயிற்று. எல்லோரும் சிரித்துப் பேசுகிறார்கள். பதினைந்தாவது ராடு, 300 அடி: இதற்குக் கீழே அடிக்கு இவ்வளவு என்ற விலை ஏறும் என்று ஓட்டுநர் ஞாபகப்படுத்துகிறார். இருபதாவது ராடு, 400 அடி: பேசி வைத்த எல்லை. இருபத்தி நான்கு, 480 அடி: பக்கத்துக் காட்டில் தண்ணீர் வந்த ஆழம், இங்கே வரவில்லை. இருபத்தெட்டில் யாருமே பேசவில்லை. இயந்திரம் நிற்கிறது, பேசலாம், ஆனால் பேச்சில்லை. அந்த ஒரு பத்தியை எழுத நான்கு நாள் ஆயிற்று. கடைசியாக முப்பத்தொன்று.

480 அடியில் வராதது பற்றி ஒரு விளக்கம். எங்கள் பக்கம் கீழே கடினப் பாறை. தண்ணீர் பாறைக்குள் இல்லை, பாறையின் வெடிப்புகளில் இருக்கிறது. ராடின் நுனியில் பாறையைத் துளைக்கிற பிட்டு ஒரு வெடிப்பைத் தொட்டால் வரும், இரண்டு முழம் தள்ளிப் போனால் தவறிவிடும். பக்கத்துக் காட்டில் வந்தது என்பதால் இங்கேயும் அதே ஆழத்தில் வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இதை நான் முதலில் ஓட்டுநர் வாயால் விளக்கியிருந்தேன், அப்புறம் அடித்துவிட்டேன். மாமனுக்கு அது தெரிந்திருந்தால் அவர் அப்படிப் பேச முடியாது. வாசகருக்கும் தெரியாமல் இருந்தால்தான் 480 வரும்போது மூச்சைப் பிடிப்பார். எனக்குத் தெரிந்திருப்பது போதும்.

பணத்தையும் இப்படித்தான் எடுத்தேன். முதல் படியில் ரூபாய்க் கணக்கு இருந்தது. 1994 ரூபாயை இன்றைக்குப் படிக்கிறவர் மனதில் பெருக்கிப் பார்க்க வேண்டும், அந்தக் கணக்குப் போடும் நேரத்தில் கதை நழுவுகிறது. வளையலுக்கு அந்தத் தொல்லை இல்லை. நான்கு, அப்புறம் இரண்டு. நிஜத்தில் வளையல் கழன்றது மறுநாள் காலையில், சாளைக்குள், நான் பார்க்கவே இல்லை. கதையில் அதை இருபதாவது ராடுக்குக் கொண்டு வந்தேன். இயந்திரம் நின்றிருக்கிறது, அதனால் ஒன்றோடு ஒன்று உரசும் அந்தச் சின்னச் சத்தம் கேட்கிறது. வேறு எந்த நேரத்தில் கழற்றியிருந்தாலும் கேட்டிருக்காது.

இன்னும் ஒன்று மிச்சமிருந்தது, அந்த வாக்கியம். அதைச் சொல்வது யார்?

உருவம் கிடைத்த பிறகும் கதை கொஞ்சம் யோக்கியமாகவே இருந்தது. அப்பா பாவம், அம்மா பாவம், மாமன் நல்லவன்தான் ஆனால் விவரம் தெரியாதவன், பையன் பார்த்துக்கொண்டிருக்கிறான். பையனை எழுதும்போதெல்லாம் நடை மொண்ணையாகிவிட்டது. ஒரு நாள் நோட்டில் பையனைப் பற்றி மட்டும் எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். அன்று எனக்கு என்ன தோன்றியது? எழுத எழுத வெட்கமாக இருந்தது. எனக்கு அன்று ஒரே கொண்டாட்டம். அவ்வளவு பெரிய வண்டி எங்கள் வாசலில் நிற்கிறது. படிக்கச் சொல்லவில்லை, தூங்கச் சொல்லவில்லை. ராத்திரி முழுக்க வெளிச்சம். வெள்ளைப் புழுதி பனி மாதிரி பறந்து தலையெல்லாம் படிகிறது. வண்டி நின்றுவிடுமோ என்பதுதான் என் ஒரே கவலை. தண்ணீர் வந்துவிட்டால் நின்றுவிடுமே என்று கூட நினைத்தேன்.

முதல் படியிலும் இரண்டாவதிலும் இதைக் காணோம். மாமனை மறைக்கத்தான் விவரங்களை மாற்றுகிறேன் என்று நினைத்திருந்தேன். நான் அதைவிடக் கவனமாக என்னை மறைத்திருக்கிறேன்.

அந்த வாக்கியத்தைப் பையனிடம் கொடுத்தேன். இருபதாவது ராடு. 400 அடி. அப்பா, "போதும், நிறுத்திக்கலாம்" என்கிறார். இந்தச் சொல் அம்மாவின் சாட்சியத்தில் மாமன் சொன்னது, அங்கிருந்து எடுத்து அப்பாவிடம் வைத்தேன். யாரும் பதில் சொல்லவில்லை. கதையில் அந்த இடம் இப்படி இருக்கிறது:

"இன்னொரு ராடு போடட்டும்ப்பா" என்றேன். ராந்தலைத் தூக்கிப் பிடித்திருந்ததில் கை வலித்தது. மாமன் என்னைப் பார்த்தார், அப்புறம் அப்பாவைப் பார்த்தார். "கொழந்தை வாயில வந்துடுச்சு மச்சான்" என்றார். "இதுக்கு மேல யாரைக் கேக்கணும்?"

நான் அன்று இப்படிச் சொன்னேனா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இப்படி வைத்ததும் மூன்று பேர் சாட்சியமும் ஒரே கயிறானது. குழந்தை வாக்கை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளும் வீடு அது. பையனின் விளையாட்டு ஆசை, மாமன் கையில் தெய்வ வாக்காக மாறுகிறது. அப்பாவால் மச்சினனை மறுக்க முடியும், அதை மறுக்க முடியவில்லை. அம்மா வளையலைக் கழற்றுகிறாள். இப்போது யாராவது அந்த நண்பரைப் போல 'யாருக்கு என்ன ஆச்சு' என்று கேட்டால் சொல்லிவிடலாம்.

இதில் ஓர் ஆபத்து இருந்தது. பையனுக்குத் தான் செய்தது தெரிய வந்து அழுவது போல ஒரு காட்சி எழுதினேன், இருபத்தெட்டாவது ராடில். படித்துப் பார்த்தால் பெரியவனான நான் அவன் கண்ணால் அழுகிறேன். பத்து வயதுப் பையனுக்குக் கடன் தெரியாது. அதை எடுத்துவிட்டேன். அவனுக்குக் கடைசி வரை சந்தோஷம்தான்.

முடிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் படியில் இருபது வருடம் கழித்து அந்த இடத்துக்குத் திரும்பி வந்து நின்று யோசிப்பதாக ஒரு பக்கம் இருந்தது. போர்வாய் மேல் கல்லும் முள்ளும் வைத்து மூடியிருப்பதைப் பார்த்து நிறைய யோசித்திருந்தேன். அந்தப் பக்கத்தை முழுசாக வெட்டினேன். ஆனால் பாதியில் நிறுத்தினது போலவும் இருந்தது. இறங்கிய கதைக்கு ஏறுவதும் உண்டு என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. துளைத்து முடித்ததும் உள்ளே இருக்கும் முப்பத்தொரு ராடையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே எடுத்தாக வேண்டும். அதற்கு நேரமாகும். பெரியவர்களுக்கு அதில் பார்க்க எதுவும் இல்லை, அவர்கள் சாளைக்குள் போய்விடுகிறார்கள். பையன் மட்டும் நின்று தலைகீழாக எண்ணுகிறான். முப்பது, இருபத்தொன்பது. வரும்போது ஒவ்வொரு எண்ணிலும் என்ன பேச்சு நடந்தது என்று வாசகருக்கு ஞாபகம் இருக்கிறது, நான் எதையும் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. இருபது என்று எண்ணும்போது மட்டும் எதுவும் சொல்லாமல் ஒரு வரி விட்டேன்.

கடைசி ராடு வெளியே வந்ததும் அம்மா வந்து முந்தானையால் அவன் முகத்தைத் துடைக்கிறாள். துடைத்தது அக்கா, சொன்னேன் அல்லவா, கதையில் அம்மா. ஒரு கையில் வளையல் இல்லை. புழுதி போன இடத்தில் அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான், அவள் அதைப் பார்க்கிறாள். அங்கே முடித்தேன். அவள் என்ன நினைத்தாள் என்று எழுதிய இரண்டு வரியை அச்சுக்குப் போகும் முன் அடித்தேன்.

கதை வந்த பிறகு ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மாமனைப் பார்க்கப் போனேன். ஒளித்து வைப்பதைவிட நேரில் கொடுப்பது மேல் என்று தோன்றியது. அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து முழுதும் படித்தார். நான் வெளியே போய் வெறுமனே நின்றேன். விசைத்தறி, பழைய சைக்கிள், விரல் என்று நான் மாற்றியது எல்லாவற்றையும் தாண்டி ஆளைக் கண்டுபிடித்துவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

கண்டுபிடித்தார். ஆனால் வேறு இடத்தில்.

"அந்த மாமன் யாரு, உங்க பக்கத்துத் தோட்டத்துக்காரரா? அவரு அப்படித்தான் பேசுவாரு" என்றார். அப்புறம் பக்கத்தைத் திருப்பி, இருபதாவது ராடு இருக்கிற இடத்தில் விரலை வைத்தார்.

"இந்தா, 'போதும் நிறுத்திக்கலாம்'னு இருக்குதே. இது நான் சொன்னது. என்னையத்தானே நீ அப்பனா எழுதியிருக்கே?"